செற்றிங்ஸ் ஒன், சத்தம் மட்டும் வரேல்லை

2025 நவம்பர் 28இல் டித்வா புயல் இலங்கையின் கிழக்குக் கரையைத் தொட்டது. அந்தப் பேரிடரில் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைநாட்டில் மண்சரிவு, வன்னியில் வெள்ளம். கோப்பாயில் எங்களுக்கு மழையும் காற்றும் கரன்ட் இல்லாத இரவுகளும்தான் மிச்சம். அது ஓய்ந்த பிறகு அம்மா ஒரு நாள் என் போனைக் காட்டிக் கேட்டா:

"லண்டனில மாமாவின்ர போன் சும்மா ரெஸ்ற்றுக்கே அலறினது எண்டு சொன்னவர். சென்னையில தம்பியின்ர போனும் அலறினது. இஞ்ச உண்மையாப் புயல் வந்தும் ஒண்டும் கேக்கேல்லையே. நீ உதில எதையோ நிப்பாட்டி வச்சிருக்கிறாய் போல."

கேள்வி நியாயமானது. அது என் வயசுக்காரர் பலருக்கும் இருக்கிற சந்தேகம் என்பது பிறகு நண்பர்களோடு கதைத்தபோது விளங்கியது. ஆளாளுக்கு செற்றிங்ஸைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு எல்லாம் ஒன் ஆகவே இருந்திருக்கிறது. சிலருக்கு அந்த மெனுவே இல்லை. ஒருத்தன் போன் பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோகவும் பார்த்தான். அதனால் எங்கட வீட்டில் இருந்த போன்களை மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் அன்ரொயிட் போன், அம்மாவின் பட்டன் போன், தம்பி முறையான ஒருவன் சென்னையில் வாங்கிப் பாவித்துவிட்டு எங்களுக்குத் தந்த பழைய போன். மூன்றிலும் இலங்கை சிம்தான்.

முதலில் அந்தச் சத்தம் என்ன என்று தெரியவேண்டும். அது எஸ்எம்எஸ் இல்லை. எஸ்எம்எஸ் என்பது தபால்காரர் மாதிரி. ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகப் போகவேண்டும். ஒரு மாவட்டத்துக்கே அனுப்புவதென்றால் இலட்சக்கணக்கான கடிதங்கள் வரிசையில் நிற்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கோல் எடுக்கிற ஆபத்து நேரத்தில் அந்த வரிசை இன்னும் நீளும். காலையில் அனுப்பியது பின்னேரம் வந்து சேரலாம். போன் அலறுகிற முறைக்குப் பெயர் செல் புரோட்காஸ்ட். அது கோயில் லவுட்ஸ்பீக்கர் மாதிரி. ஒரு ரவர் ஒரே தரம் சொல்லும். அந்த ரவரின் எல்லைக்குள் நிற்கிற எல்லாப் போனும் ஒரே நேரத்தில் கேட்கும். உங்கட இலக்கம் அதற்குத் தேவையில்லை. டேற்றா தேவையில்லை, ரீலோட் முடிந்திருந்தாலும் பரவாயில்லை. ஆயிரம் பேர் கேட்டாலும் இலட்சம் பேர் கேட்டாலும் நெற்வேர்க்குக்கு ஒரே சுமைதான். கோப்பாய்க்கு மட்டும் சொல்லவேண்டும் என்றால் கோப்பாயைச் சுற்றியுள்ள ரவர்களில் மட்டும் சொல்லலாம்.

இப்படி ஒரு சத்தம் உங்கட போனில் கேட்பதற்கு மூன்று பேர் தங்கட வேலையைச் செய்யவேண்டும். போன் காது கொடுக்கவேண்டும். நெற்வேர்க்கின் ரவர் அதைக் காற்றில் விடவேண்டும். அரசாங்கத்தில் யாரோ ஒருவர் மெசேஜை எழுதி அனுப்பவேண்டும். நாங்கள் செற்றிங்ஸில் தட்டிப் பார்ப்பது முதலாவதை மட்டும்தான்.

அந்த முதலாவதை ஒழுங்காகப் பார்ப்போம். அன்ரொயிட் போனில் Settings போய் Safety & emergency என்பதைத் திறந்தால் Wireless emergency alerts என்று ஒன்று இருக்கும். கொம்பனிக்குக் கொம்பனி இடம் கொஞ்சம் மாறும். அதனால் செற்றிங்ஸின் மேலே உள்ள தேடலில் emergency alerts என்று அடித்துப் பார்ப்பது சுகம். உள்ளே Allow alerts என்ற பெரிய சுவிட்ச், அதற்குக் கீழே Extreme threats, Severe threats, Test alerts என்று சின்னச் சின்ன சுவிட்ச்கள் இருக்கும். பெரியது ஒவ் என்றால் கீழுள்ளவை ஒன்றும் வேலை செய்யாது. Test alerts பல போன்களில் தொடக்கத்திலேயே ஒவ் ஆகத்தான் இருக்கும். அதே பக்கத்தில் Emergency alert history என்று ஒன்று இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். போன் இதுவரை வாங்கின அறிவிப்புகள் அதில் நிற்கும். ஐபோனில் Settings, பிறகு Notifications, பிறகு பக்கத்தின் அடிவரை இறங்கவேண்டும். அரசு அறிவிப்புகளுக்கான சுவிட்ச் இருந்தால் அங்கேதான் இருக்கும்.

"இருந்தால்" என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த மெனு எல்லாப் போனிலும் ஒரே மாதிரித் தெரியாது. போன் சிம்மைப் போட்டவுடன் அதன் நாட்டுக் குறியீட்டை வாசிக்கும். இலங்கைக்கு 413, இந்தியாவுக்கு 404 அல்லது 405, பிரிட்டனுக்கு 234. அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் இந்த நாட்டில் எந்த அலைவரிசையைக் கேட்கவேண்டும், எந்த சுவிட்ச்சைக் காட்டவேண்டும் என்பதைப் போன் முடிவெடுக்கும். "அலைவரிசை" என்றால் ரேடியோ நிலையம் மாதிரி ஒரு எண். உதாரணமாக 4370 என்பது ஆக உச்சமான எச்சரிக்கைக்குரியது, 4380 பரீட்சைக்குரியது. ஆகவே உங்கட போனில் மெனு இல்லை என்றால் போன் பழுது என்று அர்த்தமில்லை. இந்த நாட்டு சிம்முக்கு அதைக் காட்டத் தேவையில்லை என்று அந்தப் போனைச் செய்தவர்கள் நினைத்திருக்கலாம்.

சென்னையில் இருந்து வந்த அந்தப் பழைய போன்தான் இதற்கு நல்ல உதாரணம். 2023 ஒக்டோபர் 20இல் தமிழ்நாட்டில் அரசாங்கம் இந்த முறையைப் பரீட்சித்தபோது அது சென்னையில் நின்று அலறியிருக்கிறது. அதே போன், அதே சுவிட்ச்கள் ஒன். கோப்பாயில் இலங்கை சிம்மோடு, டித்வா நாட்களில் வாயே திறக்கவில்லை. போனின் காது நல்லாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். லண்டன் மாமா தன்னுடைய சிம்மோடு இங்கே வந்து எங்கட முற்றத்தில் நின்றிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். ரவர் சொல்லாததை எந்தப் போனும் கேட்காது.

காது நல்லாக இருந்தும் கேட்காமல் போகிற சந்தர்ப்பங்களும் உண்டு. Airplane mode போட்ட போனுக்குக் கேட்காது. வீட்டு வைஃபையில் மட்டும் நிற்கிற, சிக்னல் துளியும் இல்லாத போனுக்கும் கேட்காது. ஏனென்றால் இது இன்ரநெற்றில் வருகிற விசயம் இல்லை. பழைய 2ஜி போனில் ஆள் கதைத்துக்கொண்டிருந்தால் அந்த நேரம் கேட்காது. அதனால்தான் ரவர் ஒரே மெசேஜைக் கொஞ்ச நேரத்துக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும். ஒரு தரம் கேட்ட போன் அதையே மறுபடி காட்டாது. கேட்காமல் விட்ட போன் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளும். சைலன்ற்றில் போட்டிருக்கிறேனே என்று பயப்படத் தேவையில்லை. உச்ச எச்சரிக்கை சைலன்ற்றையும் மீறிச் சத்தம் போடுகிற மாதிரித்தான் பெரும்பாலான போன்கள் செய்யப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது ஆள் நெற்வேர்க். இங்கேதான் எங்களால் தட்டிப் பார்க்க ஒரு சுவிட்ச்சும் இல்லை. செல் புரோட்காஸ்ட் அனுப்புவதற்கு நெற்வேர்க்கின் நடுவில் தனியான ஒரு கணினி அமைப்பு வேண்டும். அது 2ஜி, 4ஜி, 5ஜி என்று ஒவ்வொரு தலைமுறை ரவரோடும் சரியாகப் பொருந்தவேண்டும். ஏதோ ஒன்றில் பொருந்தாவிட்டால் அந்தத் தலைமுறைப் போன்கள் எல்லாம் செவிடாகிவிடும். பிரிட்டன் இந்த முறையை 4ஜியிலும் 5ஜியிலும்தான் நடத்துகிறது. அங்கே அம்மாவின் பட்டன் போன் மாதிரி 2ஜியில் மட்டும் ஓடுகிற போனுக்கு ஒரு சத்தமும் வராது. யூடியூபில் "உங்கட போனுக்கு வருமா என்று பாருங்கள்" என்று சொல்கிற வீடியோக்கள் அந்தச் சத்தத்தை வெறும் பாட்டு மாதிரி போட்டுக் காட்டுவதுதான். அதனால் நெற்வேர்க் பற்றி ஒன்றும் தெரியவராது. ரவர் உண்மையாக ஒரு தரம் அனுப்பினால்தான் தெரியும்.

அதற்கு ஆக நல்ல சாட்சி 2023 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் 3 மணி. பிரிட்டன் முழுக்க ஒரே நேரத்தில் முதல் தடவை பரீட்சித்தார்கள். வேலை செய்யக்கூடிய போன்களில் சுமார் 80 வீதத்துக்கு வந்தது. மிச்சத்துக்கு வரவில்லை. ஒரு நெற்வேர்க்கின் வாடிக்கையாளர்கள் பலருக்கு வராமல் போனது அன்றே பிடிபட்டது; வேல்ஸ் மொழியில் அனுப்பிய மெசேஜில் "பாதுகாப்பாக" என்ற சொல் பிழைத்து, ஸ்லோவேனியாவில் பனிச்சறுக்கு விளையாடுகிற ஒரு மலையின் பெயராக மாறியிருந்தது. சனம் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்புத்தான் அந்தப் பரீட்சையின் பலன். எது பிழை, எங்கே பிழை என்பது ஒருத்தரும் சாகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்துவிட்டது. 2024 டிசம்பரில் டாரா புயல் வந்தபோது வேல்ஸிலும் தென்மேற்கு இங்கிலாந்திலும் சுமார் 30 இலட்சம் பேருக்கு அதே முறையில் உண்மையான எச்சரிக்கை போனது. 2025 செப்ரெம்பரில் திரும்பவும் நாடு முழுக்கப் பரீட்சித்தார்கள்.

மூன்றாவது ஆள், அனுப்புகிறவர். கோப்பாயில் கேள்வி வந்து முட்டுகிற இடம் இதுதான். டித்வா வந்த நேரத்தில் எங்கட போன்களை அலறவைக்கிற நாடளாவிய செல் புரோட்காஸ்ட் முறை ஒன்று இலங்கையில் இயங்கவில்லை. ஆகவே அம்மாவின் கேள்விக்குப் பதில்: நான் ஒன்றையும் நிப்பாட்டவில்லை, போனிலும் பிழை இல்லை, ஒருத்தரும் அனுப்பவில்லை.

இந்தத் தொழில்நுட்பம் இலங்கைக்குத் தெரியாத ஒன்றாக இருந்திருந்தால் மனசு ஆறும். 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே இதைப் பற்றி நிறையவே யோசித்தார்கள். டயலொக் நிறுவனம், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தோடும் மைக்ரோஇமேஜ் என்ற மென்பொருள் நிறுவனத்தோடும் சேர்ந்து உருவாக்கிய எச்சரிக்கை வலையமைப்பு ஒன்று 2009இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோடு தொடங்கப்பட்டது. எஸ்எம்எஸ்ஸையும் செல் புரோட்காஸ்ட்டையும் பாவிக்கிற மாதிரித்தான் அது அமைக்கப்பட்டது. லேர்ண்ஏசியா என்ற கொழும்பு ஆய்வு நிறுவனம் மாலைதீவுக்காகச் செல் புரோட்காஸ்ட் பற்றி ஆராய்ந்து அறிக்கை எழுதியது. ஆகவே அறிவு இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். இல்லாமல் போனது, எல்லா நெற்வேர்க்கும் கட்டாயமாகச் சேர்ந்து, ஒரு அரச அலுவலகம் பொத்தானை அமத்துகிற, சனம் எல்லாம் ஒரு தரமாவது கேட்டுப் பழகின ஒரு முறை.

அது இல்லாத இடத்தில் கோப்பாய் மாதிரி ஊர் எங்கே நிற்கிறது? சுனாமி எச்சரிக்கைக் கோபுரங்கள் கரையோரத்தில்தான் நிற்கின்றன. நாங்கள் கரையூர் இல்லை. ஆனால் கிழக்கால உப்பாறு, அங்கால கைதடி. மழை பலத்தால் பள்ளக் காணிகளில் தண்ணி ஏறும். செம்மண் தோட்டத்தில் வெங்காயம் நட்டவர் இரவோடிரவாக என்ன செய்யவேண்டும் என்று அறியவேண்டும். டித்வா நேரத்தில் செய்தி எங்களுக்கு வந்தது வட்ஸ்அப் குறூப்பாலும் பேஸ்புக்காலும். அதிலும் ஒரு குறை: அரச அறிவிப்புகள் தமிழில் பிந்தி வருகின்றன, சில வேளை வருவதே இல்லை என்று அந்த நாட்களில் நாடு முழுக்க விமர்சனம் எழுந்தது. எங்கட குறூப்பில் வந்த தமிழெல்லாம் யாரோ ஒரு பிள்ளை சிங்களத்தில் இருந்தோ ஆங்கிலத்தில் இருந்தோ மொழிபெயர்த்துப் போட்டது. மூன்றாம் கை மாறி வருகிற எச்சரிக்கையில் நேரம் எது, ஊர் எது என்பது கரைந்துபோகும். "இண்டைக்கு இரவு" என்று வருகிற மெசேஜ் நேற்றைய இரவுக்கு எழுதினதாக இருக்கும்.

செல் புரோட்காஸ்ட் நாளைக்கு வந்தாலும் தமிழ் தானாக வந்துவிடாது. இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. போனுக்குத் தமிழ் எழுத்து நாங்கள் பார்க்கிற மாதிரி ஒன்று ஒன்றாகத் தெரியாது. "கோப்பாய்" நாங்கள் எண்ணினால் நாலு எழுத்து: கோ, ப், பா, ய். போன் எண்ணினால் எட்டு. மெய்யும் குறிலும் நெடிலும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 குறிகள் போகும், தமிழில் 70தான். எங்கட எழுத்துக்கணக்கில் அது ஏறக்குறைய 40 எழுத்து. ஊர்ப் பெயரும் நேரமும் எழுதவே முடிந்துவிடும்; "என்ன செய்யவேண்டும்" அடுத்த எஸ்எம்எஸ்ஸுக்குப் போகும். செல் புரோட்காஸ்ட்டில் பழைய 2ஜி முறையிலேயே ஒரு பக்கத்துக்குச் சுமார் 40 குறிகள் வீதம் 15 பக்கம் வரை அனுப்பலாம். அதாவது 600 குறிகள். தமிழில் ஒழுங்கான ஒரு எச்சரிக்கைக்கு அது காணும். ஆனால் மூன்று மொழியையும் ஒரே மெசேஜில் அடுக்கினால் ஒவ்வொரு மொழிக்கும் 200தான். தமிழ் மூன்றாவதாக வந்தால் அம்மா திரையை இரண்டு தரம் தள்ளவேண்டும். இந்தியாவில் ஆங்கிலம், ஹிந்தி, மாநில மொழி என்று தனித்தனி மெசேஜாக அனுப்புகிறார்கள். சென்னையில் தம்பியின் போன் ஒரு தரத்துக்கு மேல் அலறினது அதனால்தான். எரிச்சல்தான், ஆனால் தமிழ் தன் பாட்டில் முழுசாக வந்தது. பட்டன் போன்களில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் பெட்டிகள்தான் தெரியும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எல்லையையும் சொல்லவேண்டும். ரவர் விழுந்தால், அல்லது கரன்ட் போய் அதன் பற்றரியும் இறங்கினால், செல் புரோட்காஸ்ட்டும் முடிந்தது. டித்வாவில் பல இடங்களில் தொடர்பே அறுந்துபோனது. ஆகவே இது புயலுக்கு நடுவில் உதவுகிற சாமான் இல்லை. புயலுக்கு முந்தின ஒரு நாளைக்குரிய சாமான். அந்த ஒரு நாளில் ஒரு தரம் அலறினால் போதும்.

இப்போதைக்கு எங்கட வீட்டில் செய்திருப்பது இவ்வளவுதான். எல்லாப் போனிலும் சுவிட்ச்களை, Test alerts உட்பட, ஒன் பண்ணி விட்டிருக்கிறேன். என்றைக்காவது யாராவது அனுப்பினால் காது திறந்திருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 அம்மாவின் பட்டன் போனில் முதல் இலக்கமாக இருக்கிறது. வலிகாமம் கிழக்குப் பிரதேச செயலகத்தின் இலக்கமும் கிராம சேவகரின் இலக்கமும் கலண்டரில் எழுதித் தொங்குகின்றன. பற்றரியில் ஓடுகிற ஒரு ரேடியோ இருக்கிறது. வட்ஸ்அப்பில் வருகிற எச்சரிக்கையில் திகதியும் நேரமும் இல்லாவிட்டால் மற்ற குறூப்புக்கு அனுப்புவதில்லை என்று மச்சாள்மாரோடு ஒரு ஒப்பந்தம்.

அம்மாவுக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்தினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஒருக்கா அனுப்பிப் பாக்கச் சொல்லன்" என்றா. முழுக் கட்டுரையும் அதற்குள் அடங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலே பேப்பரிலும் ரேடியோவிலும் சொல்லிவிட்டு, மூன்று மொழியிலும் ஒரு பரீட்சை மெசேஜ். அடுத்த பத்து நிமிசத்தில் கோப்பாயில் நாங்களே வீடு வீடாகக் கேட்டு எழுதலாம்: எந்த நெற்வேர்க்குக்கு வந்தது, எந்தப் போனுக்கு வரவில்லை, தமிழ் எத்தனையாவதாக வந்தது, எந்தச் சொல் பிழைத்தது. அதைச் செய்ய இளம் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம்.